வயரை எரிப்பதா, உரிப்பதா, அரைப்பதா?

பழைய வயரிலிருந்து செம்பை எடுக்கச் சிறு தொழிலாளிக்கு மூன்று வழிகள் உண்டு: தீ வைக்கலாம், மேல்தோலை உரிக்கலாம், மெஷினில் போட்டு அரைத்துப் பிரிக்கலாம். எரிப்பது கெடுதல் என்று அதைச் செய்பவருக்கே தெரியும். ஆனாலும் அது நிற்காததற்குக் காரணம் வயரின் பருமன் என்பது என் முடிவு.

10 கிலோ பழைய வயரை எடுத்துக்கொள்வோம். அதில் செம்பு 4 கிலோ, தோல் 6 கிலோ என்று வைப்போம். தோலில் பாதி மென்மையாக்கும் எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் என்றால், மீதி 3 கிலோ பி.வி.சி. பி.வி.சி.யின் எடையில் 57 சதவீதம் குளோரின். ஆக, இந்த ஒரு குவியலை எரித்தால் சுமார் 1.7 கிலோ குளோரின் வெளியேறும். அதில் பெரும்பகுதி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் அமில வாயுவாக வரும். ஒரு சிறு பகுதி டையாக்சின் என்ற கொடிய நஞ்சாக மாறும். அந்த மாற்றத்தைத் தூண்டிவிடுவது கம்பியிலுள்ள செம்பேதான்.

பழைய தோல்களில் சூட்டைத் தாங்குவதற்காக ஈய உப்பு சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கும். தோலில் நூற்றில் ஒரு பங்கு ஈயம் என்று கொண்டால், நம் குவியலில் 60 கிராம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் அனுமதிக்கப்பட்ட ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குதான். இந்தத் தோலிலோ 10,000 பங்கு. தீயில் குளோரினோடு சேரும் ஈயம் எளிதில் ஆவியாகும் உப்பாகிவிடுகிறது. அதனால் சாதாரண நெருப்புச் சூட்டிலேயே அதில் ஒரு பகுதி புகையோடு ஏறும். மீதி சாம்பலில் தங்கி, காலோடும் துணியோடும் வீட்டுக்கு வரும். காட்மியம் சிறுநீரகத்தில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். துணி முகமூடி இதில் எதையும் தடுக்காது. என்-95 துகள்களைத் தடுக்கும், அமில வாயுவைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எந்த முகமூடியும் இல்லை.

உரித்தால் புகையே கிடையாது, விலையும் கூடும். எரித்த செம்பு கறுத்துப்போவதால் கீழ்த்தரமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உரித்த செம்பு பளபளவென்று இருக்கும். வீட்டு வயரிங், மோட்டார் கேபிள் போன்ற பருமனானவற்றுக்கு இதுவே சிறந்த வழி. சிறிய உரிக்கும் மெஷின் ஒன்றே போதும். கத்தியால் உரிப்பவர் வெட்டுப்படாத கையுறை போட வேண்டும். வெட்டுக் காயத்தோடும் தூசிக் கையோடும் சாப்பிட உட்கார்வதுதான் இங்கே பெரிய ஆபத்து.

சிக்கல் மெல்லிய வயரில் வருகிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள அக்போக்புளோஷியில் இது கண்ணெதிரே தெரிந்தது. வயரை எரித்துச் செம்பெடுப்பதற்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்ற இடம் அது. 2014-இல் அங்கே தொண்டு நிறுவனங்கள் உரிக்கும் மெஷின்களை வைத்தன. தடித்த கேபிள் மெஷினுக்குப் போனது. சார்ஜர் வயர், இயர்போன் வயர், கணினிக்குள் ஓடும் நூல் போன்ற வயர்களோ பிளேடில் நிற்கவில்லை. நின்றாலும் செலவிட்ட நேரத்துக்குக் காசு வரவில்லை. அவை தீக்கே போயின. 2019-இல் அங்கே மேயும் கோழிகளின் முட்டையைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முட்டையைத் தின்றால், பெரியவர் ஒருவர் ஒரு நாளில் தாங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த டையாக்சின் அளவைப்போல் 220 மடங்கு உடலுக்குள் போகும் என்று கணக்கு வந்தது. 2021 ஜூலையில் அரசு அந்தப் பழைய பொருள் சந்தையை இடித்தது. எரிப்பு வேறு இடங்களுக்குச் சிதறியது.

மெல்லிய வயருக்கு விடை அரைக்கும் மெஷின்தான். அது வயரைச் சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, காற்றையும் அதிர்வையும் கொண்டு கனமான செம்பை லேசான பிளாஸ்டிக்கிலிருந்து பிரிக்கும். தூசியை உறிஞ்சும் அமைப்பு இல்லாமல் ஓட்டினால் ஈயத் தூசி அறை முழுக்கப் பரவும், புகைக்குப் பதில் தூசியைச் சுவாசிப்போம். தண்ணீர் விட்டுப் பிரிக்கும் வகையில் தூசி குறைவு. ஆனால் அடியில் சேரும் சேற்றைச் சாக்கடையில் விடக்கூடாது. மெஷின் சரியாகப் பிரிக்கிறதா என்று அறிய, வெளிவரும் பிளாஸ்டிக்கில் ஒரு கைப்பிடி எடுத்து, கையுறையோடு வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு மினுக்கம் தெரிந்தால் செம்பு வீணாகிறது: பருமனும் மெல்லியதும் கலந்து போயிருக்கும், அல்லது காற்று அதிகம்.

சிறு கடைக்காரர் இந்த அரைக்கும் மெஷினை வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மெல்லிய வயரை எரிக்காமல் அப்படியே எடைக்கு, அரைக்கும் மெஷின் வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் விற்பதே அவருக்கு ஏற்றது. எரித்துக் கிடைக்கும் காசுக்குச் சமமான விலை அங்கே கிடைத்தால் தீ தானாக அணையும். அந்த விலை கிடைக்காத இடத்தில் மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் எரிப்பு தொடரும். கானாவில் ஜெர்மனியின் உதவியோடு கேபிளைக் கூடுதல் விலை தந்து முழுதாக வாங்கிப் பார்த்ததும் இதனால்தான்.

உரித்த தோலிலும் அரைத்த பிளாஸ்டிக்கிலும் ஈயம் அப்படியே இருக்கிறது. அதை அடுப்பெரிக்கவோ, செருப்பும் பொம்மையும் வார்ப்பவருக்கு விற்கவோ கூடாது. மூடிய சாக்கில் தனியே வைத்து, அதே அங்கீகாரம் பெற்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும்.