“350” என்று காட்டிய படத்தை நம்பி மங்கிப்போன மானிட்டரை வாங்கினேன்

பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் ஏமாந்தது விற்றவரின் பேச்சில் அல்ல, அவர் அனுப்பிய இரண்டு போன் படங்களில். அந்தப் படங்களில் எந்த ஒட்டுவேலையும் இல்லை. அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் அவருக்கு வசதியாகிவிட்டது.

27 அங்குல மானிட்டர். புதிதாக இருந்தபோது பிரகாசம் 350 நிட்ஸ் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்ட மாடல். “சார், பிரைட்னஸ் கொஞ்சமும் குறையல. நானே அளந்து பார்த்தேன்” என்று சொல்லி இரண்டு படங்கள் அனுப்பினார். முதல் படத்தில் வெள்ளைத் திரை பளிச்சென்று இருந்தது. இரண்டாவது, ஒளி அளக்கும் ஒரு செயலியின் ஸ்கிரீன்ஷாட். போனைத் திரையோடு ஒட்டிவைத்து எடுத்தாராம். பெரிய எழுத்தில் 352. பணத்தை அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்து மாட்டியதும் கண்ணுக்கே தெரிந்தது. பிரைட்னஸை 100-க்கு ஏற்றியும் பகல் வெளிச்சத்தில் எழுத்து சோர்ந்து கிடந்தது. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் வலது கீழ் மூலை பழுப்பேறிய காகிதம் மாதிரி இருந்தது.

முதலில் அந்தப் பளிச்சென்ற படத்தைப் பற்றிச் சொல்கிறேன். போன் கேமராவைத் தானியங்கியில் விட்டால், எதிரில் இருப்பது மங்கலோ பிரகாசமோ, எல்லாவற்றையும் பார்க்க நன்றாக இருக்கும் ஒரு அளவுக்குக் கொண்டுவந்துவிடும். திரை மங்கலாக இருந்தால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைக்கும், ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவை ஏற்றும். இருட்டறையில் 100 நிட்ஸ் திரையும் 400 நிட்ஸ் திரையும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரகாசத்தைப் பற்றிய தகவல் அந்தப் படத்தின் நிறத்தில் இல்லை. எந்த ஷட்டர், எந்த ஐஎஸ்ஓ என்று படத்தின் விவரப் பகுதியில் பதிவாகும் எண்களில்தான் இருக்கிறது. எனக்கு வந்தது மெசேஜில் சுருக்கி அனுப்பிய படம் என்பதால் அந்த விவரமும் அழிந்திருந்தது.

அடுத்தது அந்த 352. ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக lx என்று இருந்தது. அது லக்ஸ், நிட்ஸ் அல்ல. ஒரு பரப்பின் மேல் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். ஒரு திரை நம்மை நோக்கி எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கிறது என்பது நிட்ஸ். எல்லாத் திசையிலும் சமமாக ஒளிரும் பெரிய பரப்பின் மேல் உணரியை ஒட்டிவைத்தால், லக்ஸ் என்பது நிட்ஸைப் போல 3.14 மடங்கு வரும். அப்படிப் பார்த்தால் 352 லக்ஸ் என்பது வெறும் 112 நிட்ஸ். உண்மையிலேயே 350 நிட்ஸ் உள்ள திரை என்றால் ஏறக்குறைய 1,100 லக்ஸ் காட்டியிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது. எல்சிடி திரை எல்லாத் திசையிலும் சமமாக ஒளிராது, நேர் எதிரே அதிகமாகவும் பக்கவாட்டில் குறைவாகவும் ஒளிரும். போனின் ஒளி உணரியும் கண்ணாடிக்குப் பின்னால் சிறிய துளை வழியாகத்தான் பார்க்கிறது. இரண்டும் லக்ஸ் எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே உண்மையான நிட்ஸ் 112-ஐ விட அதிகமாக இருக்கலாம். எவ்வளவு அதிகம் என்று அந்தச் செயலியால் சொல்ல முடியாது.

இதை எழுதி அனுப்பியதும் அவர் “லக்ஸ், நிட்ஸ் எல்லாம் ஒண்ணுதான் சார்” என்றார். மூலை மங்கலாக இருப்பதற்கு ஆதாரமாக முழுத் திரையையும் ஒரே படமாக எடுத்து அனுப்பினேன். “அது உங்க போன் லென்ஸ் சார், எல்லா லென்ஸும் ஓரத்துல இருட்டாத்தான் எடுக்கும்” என்று பதில் வந்தது.

கோபம் வந்தாலும், இந்த இரண்டாவது பதிலில் நியாயம் இருந்தது. அகலக் கோண லென்ஸில் படத்தின் ஓரத்துக்கு ஒளி குறைவாகத்தான் போய்ச் சேரும். லென்ஸின் நடு அச்சிலிருந்து 35 டிகிரி விலகிய இடத்தில், வடிவியல் காரணமாகவே ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். போன் அதை மென்பொருளால் சரிக்கட்டுகிறது, ஆனால் முழுமையாக அல்ல. போதாததற்கு, கிட்டத்திலிருந்து எடுத்தால் திரையின் மூலைகளைக் கேமரா சாய்வாகப் பார்க்கும். எல்சிடியைச் சாய்வாகப் பார்த்தால் மங்கலாகத்தானே தெரியும்? ஆகவே முழுத் திரையின் ஒரே படம் சீரின்மைக்கு ஆதாரம் ஆகாது. என் முதல் படத்தை நானே தள்ளிவைத்தேன்.

பிறகு செய்ததுதான் வேலைக்கு ஆனது. திரையை அரை மணி நேரம் எரியவிட்டேன். மானிட்டர் மெனுவில் தானாகப் பிரகாசத்தை மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்தேன். இரவில் அறை விளக்கையும் அணைத்துவிட்டு, திரை முழுக்க வெறும் வெள்ளையை வைத்தேன். போனில் ப்ரோ மோடுக்குப் போய் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் பூட்டினேன். திரையின் புள்ளிகளும் கேமராவின் புள்ளிகளும் மோதி அலை அலையான கோடுகள் வராமல் இருக்க ஃபோகஸைச் சற்றுக் கலைத்துவைத்தேன்.

முக்கியமான தந்திரம், போனை நகர்த்துவது. திரைக்கு நேர் எதிரே 30 சென்டிமீட்டரில் போனை நிறுத்தி, முதலில் திரையின் நடுப்பகுதி படத்தின் நடுவில் வரும்படி எடுத்தேன். பிறகு போனைத் திருப்பாமல், அதே தூரத்தில் இணையாக நகர்த்தி, மூலை படத்தின் நடுவில் வரும்படி எடுத்தேன். இப்படி ஒன்பது இடங்கள். ஒவ்வொரு படத்திலும் நட்டநடுச் சதுரத்தை மட்டும் கணக்கில் எடுத்தேன். எல்லா அளவும் லென்ஸின் அதே நடுப்புள்ளி வழியாக, அதே கோணத்தில் வந்தவை என்பதால் லென்ஸைக் குறைசொல்ல இடமில்லை.

படங்களை, உணரி பதிந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுத்தேன். சாதாரண ஜேபெக் படத்தில் எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. ஒளியை எண்ணாக மாற்றும் வழக்கமான வளைவின்படி, ஒரு இடத்தில் 230, இன்னொரு இடத்தில் 200 என்றால் 13 சதவீதம்தான் குறைவு என்று தோன்றும். உண்மையில் ஒளி 27 சதவீதம் குறைந்திருக்கும். அதற்கு மேல் போன் இருட்டான இடங்களைத் தானே தூக்கிக்கொடுக்கவும் செய்யும். ராவில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதில் பூஜ்ய ஒளிக்கும் ஒரு அடிப்படை எண் இருக்கும், என் போனில் அது 64. அதைக் கழித்த பிறகுதான் வகுக்க வேண்டும்.

பச்சைச் சேனலில் நடுப்பகுதியின் சராசரி 612, வலது கீழ் மூலை 401. 64-ஐக் கழித்தால் 548-ம் 337-ம். வகுத்தால் 0.61. அதாவது மூலை நடுப்பகுதியைவிட 39 சதவீதம் மங்கல். மற்ற மூன்று மூலைகளும் 10 முதல் 14 சதவீதம்தான் குறைவாக இருந்தன. எல்சிடியில் அந்த அளவு சாதாரணம், கண்ணுக்கும் தெரியாது. ஒரே மூலையில் 39 என்பது பின்விளக்கு அந்தப் பக்கம் சோர்ந்துவிட்டது என்பதைத்தான் எனக்குச் சொன்னது.

விற்றவர் எண்களைப் பார்க்க மாட்டார் என்று தெரியும். அதனால் இன்னும் எளிய ஒன்றும் செய்தேன். முழுத் திரையையும் ஒரு முறை சாதாரணமாகவும், ஒரு முறை போனைத் தலைகீழாகப் பிடித்தும் எடுத்தேன். இருட்டு லென்ஸுடையது என்றால் போனோடு சேர்ந்து அது எதிர் மூலைக்குப் போயிருக்கும். போகவில்லை. இரண்டு படத்திலும் அதே வலது கீழ் மூலைதான்.

மொத்தப் பிரகாசத்துக்கு ஒப்பிட ஒரு திரை தேவைப்பட்டது. அச்சு வடிவமைப்பு செய்யும் நண்பர், அளவுக் கருவி வைத்துத் தன் மானிட்டரை 120 நிட்ஸுக்குச் சரிசெய்து வைத்திருக்கிறார். முதலில் இரண்டு திரைகளையும் 1/1000 ஷட்டரில் எடுத்துப் பட்டை பட்டையாக வருகிறதா என்று பார்த்தோம். வந்தால் பின்விளக்கு வேகமாக அணைந்து எரிகிறது என்று பொருள், அப்போது குறுகிய ஷட்டரில் எடுத்த அளவு எதுவும் செல்லாது. பட்டை இல்லை. பிறகு அவருடைய திரையை ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250-ல் எடுத்துப் படத்தின் நடுப்பகுதியில் வந்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். என் மானிட்டரில் அதே எண் வரும்வரை ஷட்டரை மட்டும் மாற்றினோம், 1/320-ல் வந்தது. என் போன் லென்ஸின் துளை மாறாது, ஐஎஸ்ஓவும் மாறவில்லை. ஆகவே கணக்கு சுலபம்: 120-ஐ 320-ஆல் பெருக்கி 250-ஆல் வகுத்தால் 154 நிட்ஸ். எண்ணைச் சமப்படுத்திவிட்டதால் ஜேபெக் வளைவின் தொல்லையும் இங்கே இல்லை.

இந்த 154 என்பதை நான் கறாராகப் பிடித்துக்கொள்ளவில்லை. ஷட்டர் படிப்படியாகத்தான் மாறும், ஒவ்வொரு படியும் கால் பங்குக்கு மேல். இரண்டு திரைகளின் பின்விளக்கு வகையும் வேறாக இருந்தால் கேமரா உணரி அவற்றின் வெள்ளையை நம் கண் பார்ப்பதுபோல் எடைபோடாது. 130-லிருந்து 180-க்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். 350 இல்லை என்று சொல்ல அது போதும். 300 என்று சொல்லி விற்ற திரை 280 தருகிறதா என்று பார்க்க இந்த முறை உதவாது.

புகாரில் முதலில் இன்னும் இரண்டு குறைகள் எழுதியிருந்தேன், பிறகு நீக்கிவிட்டேன். ஒன்று, கறுப்புத் திரையில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறது என்பது. இருட்டறையில் கறுப்புத் திரையைத் தானியங்கியில் எடுத்தால் எந்த நல்ல எல்சிடி திரையும் தீப்பிடித்தது மாதிரி தெரியும். என் படமும் அப்படி எடுத்ததுதான். இன்னொன்று, வெள்ளை மஞ்சளாக இருக்கிறது என்பது. ஒயிட் பேலன்ஸ் போன் தீர்மானிக்கும் விஷயம், அதை வைத்து நிறத்தைப் பற்றி நியாயம் பேச முடியாது.

திரையின் ஒன்பது இடங்களின் படங்கள், தலைகீழ்ப் படம், லக்ஸ் விளக்கம் மூன்றையும் விற்பனைத் தளத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் ஏற்றுக்கொண்டது தலைகீழ்ப் படத்தை மட்டும்தான். பாதிப் பணம் திரும்பியது. பிரகாசக் குறைவுக்கு, வெறும் போன் அளவு ஆதாரமாகாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் வாங்குவதற்கு முன்னால் விற்பவரிடம் ஒரு படம் கேளுங்கள். மானிட்டரில் முழு வெள்ளை, பிரைட்னஸ் 100. அதன் நடுவில், முழுப் பிரகாசத்தில் வெள்ளைப் படம் திறந்த இன்னொரு போனை ஒட்டிப் பிடித்து, இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும். அந்தப் போன் என்ன மாடல் என்பதையும் கேட்டுவையுங்கள். ஒரே எக்ஸ்போஷரில் இரண்டும் அகப்படுவதால் கேமராவால் மங்கலை எளிதில் மறைக்க முடியாது. அந்தப் படத்தில் போன் வெள்ளையாகவும் மானிட்டர் சாம்பலாகவும் தெரிந்தால், அந்த மாடல் போனின் முழுப் பிரகாசம் எவ்வளவு என்று தேடிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.