டவர் கிடைத்தும் பதிவு மறுக்கப்படுகிறதா? ஐசி மாற்றக் கொடுத்து ஏமாறாதீர்கள்

பழைய போன் ஒன்றை வாங்கினேன். சில வாரம் நன்றாகவே ஓடியது. திடீரென்று ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் கடைக்காரர் போனைத் திறந்துகூடப் பார்க்காமல், “பவர் ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விட்டது” என்றார். மாற்றினார், பணமும் வாங்கினார். போன் அப்படியே இருந்தது. அடுத்து போர்டையே மாற்ற வேண்டும் என்றார்.

அவர் சொன்னது பொய் என்பதற்குச் சான்று போனுக்குள்ளேயே இருந்தது. சாம்சங் போன் என்பதால் `*#0011#` அழுத்தி சர்வீஸ் மெனுவைத் திறந்தேன். டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமையைச் சொல்லும் RSRP, -88 என்று காட்டியது; நல்ல சிக்னல்தான். பிறகு கணினியில் இணைத்து, ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் adb வழியாக இதைக் கேட்டேன்:

```
adb shell "dumpsys telephony.registry | grep rejectCause"
```

வந்த நீண்ட வரியில் இரண்டு சொற்கள் போதும்: `registrationState=DENIED`, `rejectCause=6`.

மறுப்பு எண் ஒன்று வந்திருக்கிறது என்றால், நெட்வொர்க்கில் சேரப் போன் அனுப்பிய பதிவு விண்ணப்பம் டவரைத் தாண்டி நெட்வொர்க்கைச் சேர்ந்து, அங்கிருந்து பதிலும் திரும்பியிருக்கிறது என்று பொருள். போவதும் வருவதும் ஒழுங்காக நடந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் செத்த போனுக்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது; அதன் குரலே டவரை எட்டாது. அப்போது பதிலின்றிக் காத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும், மறுப்பு எண் இருக்காது.

அந்த 6, கருவியையே ஏற்கவில்லை என்பதன் எண். 3 என்றால் சந்தாதாரரை, அதாவது சிம்மை, ஏற்கவில்லை. 11 என்றால் அந்த நெட்வொர்க்கில் உங்களுக்கு அனுமதி இல்லை. சில ஆண்ட்ராய்டு போன்களில் `Phone not allowed MM#6` என்று அறிவிப்பாகவே வந்துவிடும். ஆனால் எல்லாச் சேவை நிறுவனங்களும் எண்களை ஒரே மாதிரி அனுப்புவதில்லை. எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதாமல் சிம்மை மாற்றிப் பாருங்கள். என் சிம் வேறு போனில் உடனே வேலை செய்தது. வேறு சிம்மை இந்தப் போனில் போட்டாலும் அதே 6. ஒவ்வொரு முறையும் போனை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். 6 வந்த பிறகு, அணைக்கும் வரை அல்லது சிம்மைக் கழற்றும் வரை அந்தச் சிம்மைச் செல்லாததாகவே போன் கருதும், மறுபடி விண்ணப்பிக்காது.

`*#06#` அழுத்தி வந்த ஐஎம்இஐ எண்ணைச் சேவை நிறுவனத்திடம் கொடுத்தேன். திருட்டுப் புகாரில் முடக்கப்பட்ட கருவி என்று உறுதி செய்தார்கள்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னபோது கொஞ்சமும் கூசாமல், “அப்படியானால் ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன், அதற்குத் தனிக் கட்டணம்” என்றார். பல நாடுகளில் அது குற்றம். ஐசிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விற்றவர் மீது புகார் கொடுத்திருக்கிறேன்.