எடையா, விற்பனை மதிப்பா: உப்புநீர் ஆலையின் கூட்டுச் செலவைப் பிரிப்பது எப்படி?

உப்புநீரில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்தேதான் வரும். 80 டன் காஸ்டிக் சோடாவுக்கு 71 டன் குளோரின், 2 டன் ஹைட்ரஜன் என்பது வேதியியல் போட்ட விகிதம், ஆலைக்காரரால் அதை மாற்ற முடியாது. உப்பும் மின்சாரமும் எந்தப் பொருளுக்கு எவ்வளவு போயின என்று மீட்டர் வைத்தும் அளக்க முடியாது. ஆகவே செலவைப் பிரிக்க ஏதாவது ஒரு வழக்கத்தைப் பிடித்தாக வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மேலே சொன்ன அளவுக்கு, பொருள்கள் பிரியும் வரை ஆன கூட்டுச் செலவு 31.2 லட்சம் ரூபாய். ஹைட்ரஜனை விற்று, அதன் விற்பனைச் செலவு போக 1 லட்சம் கிடைக்கிறது. இவ்வளவு சிறிய வருமானம் தரும் துணைப்பொருளுக்குத் தனியாகப் பங்கு ஒதுக்குவது வீண் வேலை. அந்த 1 லட்சத்தைச் செலவில் கழித்துவிடலாம், ஐஏஎஸ் 2 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரமும் இதை ஏற்கிறது. மீதி 30.2 லட்சத்தைத்தான் இரண்டு முதன்மைப் பொருள்களுக்கும் பிரிக்க வேண்டும்.

எடைப்படி பிரித்தால் டன்னுக்கு 20,000. காஸ்டிக்குக்கு 16 லட்சம், குளோரினுக்கு 14.2 லட்சம். காஸ்டிக் டன் 45,000க்கும் குளோரின் டன் 10,000க்கும் விற்பதாக வைத்துக்கொள்வோம். காஸ்டிக்கில் 20 லட்சம் லாபம், குளோரினில் 7.1 லட்சம் நஷ்டம்! உடனே யாராவது ‘குளோரினை நிறுத்திவிடலாமே’ என்பார். நிறுத்தினால் காஸ்டிக்கும் நின்றுவிடும். அந்த நஷ்டம் பிரித்த விதத்தில் பிறந்ததே தவிர, ஆலையில் பிறந்ததல்ல.

பிரியும் இடத்து விற்பனை மதிப்புப்படி பிரித்தால் 36 லட்சத்துக்கு 7.1 லட்சம் என்பதே விகிதம். காஸ்டிக்குக்குச் சுமார் 25.2 லட்சம், குளோரினுக்குச் சுமார் 5 லட்சம் விழும். இரண்டிலும் லாப விகிதம் ஏறக்குறைய 30 சதவீதம். கையிருப்புச் சரக்கை மதிப்பிட நான் இதைத்தான் எடுப்பேன்.

ஆனால் இதிலும் ஒரு கோணல் உண்டு. குளோரின் விலை 2,000 ஆகச் சரிந்தால், காஸ்டிக்கின் அடக்கவிலை டன்னுக்குச் சுமார் 31,500இலிருந்து 36,300 ஆக ஏறிவிடும், காஸ்டிக் தயாரிப்பில் எதுவுமே மாறாதபோதும்! ஆகவே மேலாளரின் திறமையை இந்த எண்ணால் அளக்கக் கூடாது.

சரி, 10,000க்கு விற்கும் குளோரின் வாயுவைத் திரவமாக்கி 13,000க்கு விற்கலாமா? திரவமாக்க டன்னுக்கு 4,000 ஆகும் என்றால் கூடுதல் வரவு 3,000 மட்டுமே, டன்னுக்கு 1,000 நஷ்டம். கூட்டுச் செலவை எடைப்படி பிரித்திருந்தாலும் மதிப்புப்படி பிரித்திருந்தாலும் இந்தப் பதில் மாறாது, அந்த 30.2 லட்சம் ஏற்கெனவே செலவானது.