ரீடேக் வந்தால் கார்டு எங்கே போவது? அனிமேஷன் குழுவில் கான்பான் பலகை: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆறு பேர் கொண்ட குழு, 11 நிமிட எபிசோடுகள், 2டி ரிக் அனிமேஷன். "இதுக்கு ஒரு கான்பான் பலகை போதுமா, இல்ல தனி மென்பொருள் வேணுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போதும். ஆனால் ரீடேக், அதாவது முடிந்த ஷாட்டைத் திருத்தித் திரும்பச் செய்வது, என்ற ஒரே ஒரு விஷயத்தில் அது தொடர்ந்து எரிச்சலூட்டும். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். கார்டு என்றால் என்ன, பத்திகளை எப்படி அமைப்பது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கானது இது.

முதலில் கார்டின் அளவைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 11 நிமிடம் என்றால் 660 வினாடி. ஒரு ஷாட் சராசரியாக நான்கு வினாடி என்று வைத்தால் கிட்டத்தட்ட 165 ஷாட்டுகள். ஒவ்வொரு ஷாட்டின் லேஅவுட், அனிமேஷன், கிளீன்அப், கலர், கம்பாசிட்டிங் என ஐந்து வேலைக்கும் தனித்தனிக் கார்டு போட்டால் எண்ணூறைத் தாண்டிவிடும். அந்தப் பலகையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மாறாக, ஒரு காட்சிக்கு ஒரு கார்டு என்று வைத்தால், 15 ஷாட் உள்ள காட்சி அனிமேஷன் பத்தியிலேயே நாள்கணக்கில் நகராமல் நிற்கும். உள்ளே 14 முடிந்ததா, இரண்டுதான் முடிந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. ஷாட்டுக்கு ஒரு கார்டு, அது பத்தி பத்தியாக நகர்வது, இதுதான் நின்று நிலைக்கிற அளவு. பின்னணி ஓவியங்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஒரே பின்னணி பத்து ஷாட்டுக்குப் பயன்படும் என்பதால் அவற்றுக்குத் தனி வரிசை வேண்டும். ஷாட் கார்டில் எந்தப் பின்னணி என்ற பெயர் இருந்தால் போதும்.

இந்தப் பலகை எதிர்பாராமல் தருகிற மகிழ்ச்சி ஒன்று உண்டு. 'ரிவ்யூ' பத்திக்கு ஒரு வரம்பு போட்டுப் பாருங்கள். சிறு குழுவில் ஒப்புதல் தருபவர் பெரும்பாலும் ஒருவர்தான், இயக்குநர். ரிவ்யூவில் 24 ஷாட் காத்திருக்கிறது, அவர் ஒரு நாளைக்கு ஆறு பார்க்கிறார் என்றால், இன்று போய்ச் சேரும் ஷாட்டுக்குப் பதில் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் அனிமேட்டர் வேறு ஷாட்டுகளுக்குள் போயிருப்பார். அதைவிட மோசமானது, ஒரு பாத்திரத்தின் வாயசைவு வடிவங்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அதே தவறு காத்திருக்கும் அத்தனை ஷாட்டிலும் இருக்கும். எல்லாமே ரீடேக். வரம்பை எட்டு என்று வைத்தால் காத்திருப்பு ஒன்றரை நாளுக்குள் அடங்கும், தவறும் எட்டு ஷாட்டோடு நிற்கும். பல பலகைகளில் வரம்பைத் தாண்டினால் பத்தியின் நிறம் மாறுமே தவிர, கார்டைத் தடுத்து நிறுத்தாது. ஆகவே நிறம் மாறினால் புது ஷாட்டை ரிவ்யூவுக்குத் தள்ளக் கூடாது, இயக்குநர் தன் மற்ற வேலையை விட்டு வந்து பார்க்க வேண்டும் என்ற ஒப்பந்தம் குழுவுக்குள் இருக்க வேண்டும். அது மட்டும் இருந்தால், எந்தக் கூட்டமும் இல்லாமல் தேக்கம் எங்கே என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இதற்காகவே இந்தப் பலகையைப் பாராட்டலாம்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

கார்டு இடமிருந்து வலமாக மட்டுமே போகும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது கான்பான் பலகை. தொழிற்சாலையில் அது சரி. அனிமேஷனில் ரீடேக் என்பது விபத்து அல்ல, தினசரி வேலை. கம்பாசிட்டிங்கில் இருக்கும் ஷாட் லேஅவுட்டுக்கே திரும்பலாம். பலகையில் அதைச் சொல்வதற்கென்று ஒரு வழி இல்லை. கார்டைப் பிடித்து இடப்பக்கம் இழுக்கலாம், அவ்வளவுதான். இழுத்தவுடன், அந்தக் கார்டு ஏற்கெனவே கம்பாசிட்டிங் வரை போனது என்பது மறைந்து, புதிதாக வந்த ஷாட் போல லேஅவுட்டில் உட்கார்ந்திருக்கும். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, தவறான படத்தை எபிசோடுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் பிரச்சினை. ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

`E04_SC07_SH012`. நான்கரை வினாடி, அதாவது 24 பிரேம் வேகத்தில் 108 பிரேம். ஒரு சிறுவன் வலப்பக்கம் நின்று, முந்தைய ஷாட்டில் இடப்பக்கம் நிற்கும் அக்காவைப் பார்த்துப் பேசுகிறான். அனிமேஷன் ஒப்புதல் ஆகிவிட்டது. கிளீன்அப் முடிந்தது, கலர் முடிந்தது. கார்டின் உள்ளே இருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் மூன்றுக்கும் டிக் விழுந்தாயிற்று. கம்பாசிட்டிங்கில் இருக்கும்போது இயக்குநர் தொகுப்பைப் பார்த்துவிட்டு 11வது ஷாட்டை இடவலமாகத் திருப்புகிறார். இப்போது அக்காவும் தம்பியும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள், பேச்சு ஒட்டவில்லை. எனவே 12வது ஷாட்டும் திரும்ப வேண்டும். படத்தை அப்படியே கண்ணாடிபோல் திருப்பிவிட முடியாது. சிறுவனின் பை ஒரு தோளில்தான் தொங்குகிறது, தலை வகிடு ஒரு பக்கம், பின்னணியில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம். லேஅவுட்டிலிருந்து திரும்ப வர வேண்டும்.

கார்டை லேஅவுட்டுக்கு இழுக்கிறோம். டிக்குகள் அப்படியே இருக்கின்றன, அவற்றை யாரும் எடுக்கவில்லை. லேஅவுட் `v03`, அனிமேஷன் `v03` ஆகிறது. கிளீன்அப் செய்பவர் தனக்குத் தகவல் வந்ததால் புதிதாகச் செய்கிறார். கலர் செய்பவர் கார்டைத் திறக்கிறார், கலருக்கு நேராக டிக் இருக்கிறது, ஏதோ சின்னத் திருத்தம் என்று நினைத்துக் கார்டை அடுத்த பத்திக்கு நகர்த்திவிடுகிறார். கம்பாசிட்டிங் கோப்பு பழைய `v02` கலரையே எடுத்துக்கொள்கிறது. ரெண்டர் பிழையின்றி முடிகிறது. கார்டு 'முடிந்தது' பத்தியில். எபிசோடில் சிறுவன் இன்னும் தவறான திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைப் பலகையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அனிமேஷன் கோப்பின் பதிப்பு எண்ணும் கலர் கோப்பின் பதிப்பு எண்ணும் பொருந்தவில்லை என்பதுதான் ஒரே தடயம்.

டிக்குகளை எடுத்துவிட்டுக் கார்டைத் திருப்பினால் போதாதா என்று தோன்றும். அதில் இன்னொரு சிக்கல். அனிமேட்டருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கார்டு என்று வரம்பு இருக்கிறது, அவர் கையில் ஏற்கெனவே இரண்டு உள்ளது. மூன்றாவதாக ரீடேக் வந்து விழுகிறது. வரம்பை மீறுகிறோம். ஒருமுறை மீறினால் அடுத்த வாரம் எல்லோரும் மீறுவார்கள், ரிவ்யூ வரம்பும் அதோடு போய்விடும்.

பல வழிகளில் நிலைத்தது இதுதான்: ஒரு முறை ஒப்புதல் பெற்ற கார்டை ஒருபோதும் இடப்பக்கம் இழுக்கக் கூடாது. அது இருந்த பத்தியிலேயே நிற்கட்டும், 'தடை' என்ற சிவப்பு லேபிளோடு. பதிலாக ஒரு ரீடேக் கார்டு திறக்க வேண்டும். பெயர் `E04_SC07_SH012_R1`. எந்தக் கட்டத்தில் திருத்தம் தொடங்குகிறதோ அந்தப் பத்தியில் அது பிறக்கும், மேலே சொன்ன ஷாட்டுக்கு லேஅவுட்டில். தொடக்கத்திலேயே அதற்குள் புதிய, டிக் இல்லாத பட்டியல் ஒன்றை எழுதிவிடுங்கள்: எந்தெந்தக் கட்டத்தை மறுபடி செய்ய வேண்டும், எந்தப் பதிப்பு எண்ணில் அது முடிய வேண்டும். இந்த ஷாட்டில் லேஅவுட் `v03`, அனிமேஷன் `v03`, கிளீன்அப் `v03`, கலர் `v03`. அடுத்த ரீடேக்கில் உதட்டசைவு மட்டும் மாறுகிறது என்றால் எல்லாவற்றையும் எழுதத் தேவையில்லை. ரீடேக் கார்டு அசல் கார்டு நிற்கும் பத்தியை அடைந்ததும் எல்லா எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை மூட வேண்டும், சிவப்பு லேபிளை எடுக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மூடக் கூடாது. அந்த ஒரே சோதனைதான் பழைய கலரைப் பிடிக்கிறது.

வரம்புக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அனிமேட்டரின் இரண்டு இடங்களில் ஒன்று புது ஷாட்டுக்கு, இன்னொன்று ரீடேக்குக்கு. ரீடேக் இல்லாத நாளில் அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்று சொல்வது தயாரிப்பாளருக்குக் கசக்கும். ஆனால் நிரப்பிவிட்டால் ரீடேக் வரும்போது மறுபடி பழைய கதைதான்.

ரீடேக் கார்டு தனியாக இருப்பதால் கிடைக்கும் இன்னொரு பயன், காரணத்தை எண்ணலாம். மூன்று லேபிள் போதும்: செய்த பிழை, இயக்குநரின் மாற்றம், முந்தைய கட்டத்தின் பிழை. எபிசோடு முடிந்ததும் நிறங்களை எண்ணுங்கள். இயக்குநரின் மாற்றம் கூடுதலாக இருந்தால் அனிமேட்டிக்கை உறுதி செய்யாமலே அனிமேஷனைத் தொடங்குகிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு அனிமேட்டரைக் கடிந்து பயனில்லை.

முன்னேற்றக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை கார்டுகளை எண்ணும், எபிசோடு வினாடிகளால் ஆனது. 160 ஷாட்டில் 120 முடிந்தால் பலகை முக்கால் பங்கு என்று காட்டும். எளிய ஷாட்டுகள்தான் முதலில் முடியும் என்பதால் அந்த 120ம் சராசரி மூன்று வினாடியாக இருக்கக்கூடும், அதாவது 360 வினாடி. 660இல் அது 55 சதவீதம்கூட இல்லை. மீதி 300 வினாடியில்தான் கூட்டக் காட்சியும் சண்டையும் இருக்கும். கார்டின் பெயரிலேயே பிரேம் எண்ணிக்கையை எழுதி, வாரம் ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஐந்துக்கு மூன்றுதான் தருகிறேன். கணக்குப் போட்டால் நான்கு வரும், மனம் வரவில்லை. ரீடேக் இல்லாத அனிமேஷன் குழு உலகத்தில் இல்லை. அதற்கென்று ஒரு கட்டுப்பாட்டை நாமே உருவாக்கி, நாமே காவல் காக்க வேண்டியிருக்கிறது. கிட்சு போன்ற, அனிமேஷனுக்கென்றே எழுதப்பட்ட திறமூலக் கருவியில் ஒவ்வொரு ஷாட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி நிலை உண்டு, `Retake` அதில் ஒன்று. கலர் எந்த நிலையில், அனிமேஷன் எந்த நிலையில் என்பதை ஒரே வரிசையில் பார்க்கலாம். ஆனால் அதைச் சொந்தச் சர்வரில் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் மாதந்தோறும் கட்டணம் கட்ட வேண்டும்.

நண்பருக்குப் பதில்: ஆறு பேர், ஒரே நேரத்தில் ஒரு எபிசோடு என்றால் கான்பான் பலகையில் தொடங்குங்கள், ரீடேக் கார்டு விதியை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். இரண்டு எபிசோடுகள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கி, சிவப்பு லேபிள் கார்டுகள் ஒரே திரையில் அடங்காமல் போனால், அந்த வாரமே மாறிவிடுங்கள்.