இரண்டு நிலவுக்கு எந்த மாதம்?

கதைக்காக ஓர் உலகம்: பெரிய நிலவுக்கு 30 நாளுக்கொரு பௌர்ணமி, சின்னதுக்கு 12. ஆண்டு 370 நாள். மாதத்தைப் பெரிய நிலவால் எண்ணலாம். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து முழுதாகும் 60 நாளையே ஒரு மாதமாக்கலாம்.

இரட்டைப் பௌர்ணமி திருவிழாவுக்கு அழகு. ஆனால் 6 மாதம் 360 நாள்தான். ஆண்டுக்கு 10 நாள் நழுவி, அதிக மாதம் சேர்க்கும் ஆறாம் ஆண்டுக்குள் விதைப்பு நாள் பருவத்துக்கு 60 நாள் முந்திவிடும். பெரிய நிலவு மாதமென்றால் மூன்றாம் ஆண்டே சரிசெய்யலாம். பிழை 30 நாளைத் தாண்டாது.

மீனவர்களுக்காவது 60 நாள் கணக்கு உதவும் என்று நினைத்தேன். இல்லை. 30ஆம் நாள் பெரியது பௌர்ணமி, சின்னது அமாவாசை. இரண்டும் சூரியனோடு நேர்கோட்டில்தான். வெளிச்சம்தான் குறைவு, ஓதம் ஏறக்குறைய அதே உயரம். கரையேற்றிய படகு அன்றிரவும் மிதக்கும்.

பெரியதையே எடுத்தேன். சின்னது சந்தை நாளுக்கு.