கத்திரிக்கான்னு கூப்பிட்டாதான் கேக்குது: என் வேனோட வாய்ஸ் கமாண்ட், ரெண்டு வருஷம் கழிச்சு

நேத்து சிங்கப்பூர் டெக்கா மார்க்கெட்ல ஒரு நண்பர் பிடிச்சுக்கிட்டாரு, "அண்ணே, உங்க வேன் பேசினா கேக்குமாமே, நானும் அதே வேன் பாத்துட்டு இருக்கேன், எப்படி?"ன்னு. ரெண்டு வருஷ எரிச்சலை லோடிங் பே-ல நின்னு சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதுறேன். இஞ்சின், மைலேஜ் எல்லாம் அவருக்கே தெரியும், அதுல ஒரு குறையும் இல்ல.

நான் கேட்டரிங் சாப்பாடு ஓட்டுறவன். பின்னாடி சூடா பிரியாணியும் சாம்பாரும் இருந்தா ஏர்கான் போட்டாலும் கண்ணாடியெல்லாம் ஆவி, வாடை வேற, அதனால ஜன்னலைத் திறந்துதான் ஓட்டுவேன். ஓட்டும்போது போனைக் கையில எடுத்தா மாட்டிக்குவோம், அதனால இந்த வாய்ஸ் இல்லாம பொழப்பு நடக்காது.

முதல் தப்பு நான் பண்ணினது. மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ராத்திரி கண்ணாடியை ஏத்திக்கிட்டு, வேன் என் குரலை அடையாளம் கண்டுக்கணும்னு மெல்லமா அழகா அஞ்சு தடவை பேசி பதிவு பண்ணினேன். மறுநாள் பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல ஜன்னலைத் திறந்ததும் சுத்தமா செவிடு. ஏன்னா காத்து அடிக்கும்போது நாம தெரியாமலே சத்தமா, இழுத்து, வேற சுருதியில பேசுறோம், பதிவுல இருக்கிறது அந்தக் குரலே இல்ல. அப்புறம் பழைய பதிவை அழிச்சுட்டு, லாரி போற ரோடு ஓரத்துல இருக்கிற கார்பார்க்ல நிறுத்தி, ஜன்னலை இறக்கி, பிளோவரை ரெண்டுல வச்சு, டிரைவர் சீட்ல சாஞ்சு வழக்கமா உக்கார்ற மாதிரியே உக்காந்து திரும்பப் பதிவு பண்ணினேன். பாதி பிரச்சனை அதோட போச்சு.

கூப்பிடுற சொல்லை நாமளே வச்சுக்கலாம். ஆசையா 'கண்ணா'ன்னு வச்சேன். ஒலி 96.8 ரேடியோல எந்தப் பாட்டு போட்டாலும் ஒரு கண்ணா வந்துடும், வேன் 'டிங்'னு முழிச்சுக்கும். மைக்ல விழுறதுல இருந்து தன் ஸ்பீக்கர்ல வர்றதை அது கழிச்சுக்கணும்தான், ஆனா காத்துக்குப் போட்டியா வால்யூமை ஏத்தினா ஸ்பீக்கரே கரகரன்னு ஆயிடுது, கரகரப்பைக் கழிக்க அதுக்குத் தெரியாது. 'ஹே'ன்னு ஆரம்பிக்கிற சொல்லும் வேலைக்கு ஆகல, 'ஹ' வெறும் மூச்சுக் காத்து, ஜன்னல் காத்தோட கலந்து போயிடும். வல்லினமா நாலு அசை வேணும்னு யோசிச்சு வச்சதுதான் 'கத்திரிக்கா'. சிரிக்காதீங்க, அந்த த்தி-யும் க்கா-வும் காத்தை உடைச்சுக்கிட்டு போகுது.

அடுத்தது முகவரி. லோரோங் ஆ சூன்னு தெருப் பேரைச் சொன்னா எங்கேயோ கூட்டிட்டுப் போகும். இங்க ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி ஆறு இலக்க போஸ்டல் கோடு இருக்கே, அதைச் சொல்லுங்க. டெக்கா சென்டர் 210665. "டபுள் சிக்ஸ்"னா குழம்பிடும், அதனால "டூ ஒன் ஸீரோ", சின்ன இடைவெளி, "சிக்ஸ் சிக்ஸ் ஃபைவ்". வேகமா போகும்போது ஃபைவ் நைன் ஆயிடும், ஏன்னா 'ஃப' காத்துல போனா மிச்சம் ரெண்டுலயும் 'ஐ' மட்டும்தான். ஸ்க்ரீன்ல பஃபலோ ரோடு வந்தா சரி, வேற எதாவது வந்தா அடுத்த சிக்னல்ல சொல்லுங்க. தினம் போற இடத்தை 'டெக்கா'ன்னு சேவ் பண்ணி வச்சுட்டா இந்தப் பாடும் இல்ல. முக்கியமா, கூப்பிட்டதும் 'டிங்' வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும், ஒரே மூச்சுல சொன்னா முதல் சொல்லை முழுங்கிடும்.

அப்பவும் சில நாள் கேக்கல. ஹேண்ட்ஸ்ஃப்ரீல வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு என்ன கேக்குதுன்னு கேட்டேன், "பீச்சுல நின்னு பேசுற மாதிரி டம் டம்னு இடிக்குது"ன்னாங்க. வேனோட மைக் மேலே, ரூம் லைட் பக்கத்துல, என் தலைக்கு எதிரே. டிரைவர் ஜன்னலை முழுசா திறந்தா காத்து நேரா அதுல மோதுது, அப்போ கத்தினாலும் பிரயோஜனம் இல்ல. இப்போ என் பக்கம் நாலு விரல், இடது பக்கம் முழுசா. நடு ஏர்கான் வென்ட்டையும் மேல பாக்காம கீழே திருப்பி வச்சிருக்கேன். 70-ல போனாலும் பத்துக்கு எட்டு தடவை கேட்டுக்குது.

இவ்வளவு சொல்லிட்டு சொல்றேன், இதுக்காக இந்த வேனை வாங்காதீங்க. ஒரு மெஷின் கேக்குறதுக்கு மனுஷன் இவ்வளவு மாறணுமா? வேனை வச்சிருக்குற உரிமை, அந்த சிஓஇ, இன்னும் ஆறு வருஷம் இருக்கு, நான் விக்கவும் மாட்டேன், அது வேற கதை. வீட்டுக்காரம்மா பக்கத்து சீட்ல உக்காந்து "நாளைக்கு கத்திரிக்கா பத்து கிலோ..."ன்னு ஆரம்பிச்சா 'டிங்', பேச்சை நிறுத்திட்டு ரெண்டு பேரும் அதைப் பாக்குறோம்.