மூலத்தை மூடி வைத்துத் திருத்துவது: ஏழு ஆண்டு அனுபவம்

மருத்துவமனைகளில் நோயாளிகள் கையில் கொடுத்தனுப்பும் தகவல் தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவதுதான் என் வேலை. ஏழு ஆண்டுகளாக ஒரே முறையில் திருத்தி வருகிறேன். இதில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன், எங்கே சறுக்கினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முறை இதுதான். முதல் நாள் ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்து முடிப்பேன். ஓர் இரவு கழியட்டும் என்று விட்டுவிடுவேன். மறுநாள் ஆங்கிலத் தாளை மூடிவிட்டுத் தமிழை மட்டும் அச்செடுத்து வாய்விட்டுப் படிப்பேன். நாக்கு தடுக்கிய இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலில் கோடு. கோடு விழுந்த வாக்கியத்தைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய மாட்டேன். தாளைத் திருப்பி வைத்துவிட்டு, அது என்ன சொல்ல வந்தது என்பதை நினைவிலிருந்து புதிதாக எழுதுவேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஆங்கிலத்தை மறுபடி திறப்பேன்.

ஆங்கிலத்தை மூடுவது ஏன் முக்கியம் என்றால், அது கண்முன்னே இருக்கும்வரை நம் வாக்கியம் நமக்குச் சரியாகவே தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு சொல் இருப்பதைப் பார்த்து மனம் திருப்திப்பட்டுவிடும். படிப்பவரிடம் அந்தத் துணை கிடையாது.

முதல் இரண்டு ஆண்டு சிவப்புப் பென்சில் மட்டும்தான் வைத்திருந்தேன். ‘மற்றும்’, ‘உங்கள்’, ‘மேற்கொள்ளவும்’, தேவையில்லாத ‘ஒரு’, வாக்கியத்துக்கு வாக்கியம் ‘செய்யப்பட வேண்டும்’. இவற்றை எடுத்தால் தமிழ் சீராகிவிடும் என்று நம்பினேன். ஓரளவு சீராகவும் செய்தது. ஆனால் எடுத்த பிறகும் ஏதோ வறண்டு கிடந்தது. தப்பு என்று கைவைக்க ஓரிடமும் இல்லை.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுப்பது பற்றிய ஒரு தாளில்தான் அது பிடிபட்டது. நான் முதலில் எழுதியிருந்தது இப்படி:

“வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நீரிழப்பு ஏற்படுவதைத் தடுப்பதற்காக ஓ.ஆர்.எஸ். கரைசல் வழங்கப்பட வேண்டும். ஒரு பொட்டலத்தின் முழு உள்ளடக்கமும் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைக்கப்பட வேண்டும். தயாரிக்கப்பட்ட கரைசல் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டும் மற்றும் எஞ்சியுள்ள கரைசல் அப்புறப்படுத்தப்பட வேண்டும். உங்கள் குழந்தை வாந்தி எடுத்தால், நீங்கள் 10 நிமிடங்கள் காத்திருந்து, பின்னர் மெதுவாகக் கரைசலைத் தொடர்ந்து வழங்க வேண்டும்.”

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு இதைப் படித்துக் காட்டினேன். “அக்கா, இதுல என்ன செய்யச் சொல்றாங்க?” என்று கேட்டேன். முதல் இரண்டு வாக்கியத்துக்கு யோசித்து யோசித்துப் பதில் வந்தது. மூன்றாவதற்கு வந்ததும், “கரைச்சு வச்சதை ஒரு நாளைக்குள்ள கொடுத்துடணும், மிச்சமிருந்தா கொட்டிடச் சொல்றாங்க தம்பி” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, என் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘கரைச்சு வச்சது’, ‘கொடுத்துடணும்’, ‘கொட்டிட’. வை, விடு, மறுபடி விடு. பேச்சில் ஒரே மூச்சில் மூன்று துணைவினை. என் பத்தி முழுவதிலும் அப்படி ஒன்றுகூட இல்லை. ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஈடாக நிற்கும் தனிச்சொல் கிடையாது. அதனால் மொழிபெயர்க்கும்போது அவை மனதில் எழவே இல்லை. எடுக்க வேண்டிய சொற்களைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, வராமலே போன சொற்கள் கண்ணில் படவில்லை.

இதை ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஃபின்லாந்தைச் சேர்ந்த மொழிபெயர்ப்பு ஆய்வாளர் சோன்யா டிர்க்கொனென்-கொண்டிட் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், மூலமொழியில் நேரடி இணை இல்லாத கூறுகள் மொழிபெயர்ப்பில் குறைந்துபோகின்றன என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று ஃபின்னிஷ் மொழியில் சொல்லின் வாலில் ஒட்டும் சிறு இடைச்சொற்கள். அவற்றில் ‘கின்’ என்பது ஏறக்குறைய நம் ‘உம்’ போன்றது. எங்கோ வடகோடியில் உள்ள மொழிக்கும் நமக்கும் இதே குறை என்று படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்றிலிருந்து இரண்டாவதாக ஒரு பச்சைப் பென்சில். சிவப்பு முடிந்ததும் இன்னொரு முறை படித்து, ‘இங்கே ஏதோ குறைகிறது’ என்று தோன்றும் இடத்தில் பச்சைப் புள்ளி வைப்பேன். பெரும்பாலும் அங்கே வேண்டியிருப்பது விடு, கொள், வை, பார் ஆகியவற்றில் ஒன்றாகவோ தான், உம், ஆவது, கூட ஆகியவற்றில் ஒன்றாகவோ இருக்கும். மேலே உள்ள பத்தி கடைசியில் இப்படி ஆனது:

“குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பிலுள்ள தண்ணீர் வற்றிவிடும். அப்படி வற்றாமல் இருக்க ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் குடிநீரை அளந்து எடுத்துக்கொண்டு, அதில் ஒரு லிட்டர் பொட்டலம் ஒன்றை முழுவதும் கொட்டிக் கரையுங்கள். கரைத்து வைத்ததை 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தாலும் நிறுத்த வேண்டாம். 10 நிமிடம் பொறுத்து, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.”

முதல் வாக்கியம் இரண்டாக உடைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் காரணமும் செயலும் ஒரே வாக்கியத்தில் அடங்கும். தமிழில் வினை கடைசியில் வருவதால், ‘பாதிக்கப்பட்ட’, ‘ஏற்படுவதை’, ‘தடுப்பதற்காக’ என்று மூன்று படி ஏறிய பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரிகிறது. உடைத்துவிட்டால் ‘அப்படி’ என்ற ஒரு சொல் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ‘எடுத்தால்’ என்பது ‘எடுத்தாலும்’ ஆனதும் முக்கியம். வாந்தி எடுத்தால் கொடுப்பதை நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடப்பது. ‘தொடர்ந்து’ என்ற ஆங்கில வழி வந்த சொல் சுமந்த கருத்தை அந்த ‘உம்’ சுமந்துகொண்டது.

‘ஒரு லிட்டர் பொட்டலம்’ என்று எழுதியது கடைசிச் சுற்றில். கடைகளில் 200 மில்லி தண்ணீருக்கான சிறிய பொட்டலமும் கிடைக்கிறது. அதை ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் நீர்த்துப்போகும். தாளைத் தந்தவர்களிடம் கேட்டுத்தான் சேர்த்தேன். நானாகச் சேர்க்கவில்லை.

அக்காவின் பதிலிலிருந்து இன்னொன்றும் கற்றேன். ‘கொட்டிடச் சொல்றாங்க.’ யார் சொல்கிறார்கள்? அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. செய்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லாதபோது ஆங்கிலம் செயப்பாட்டு வினைக்குப் போகிறது. தமிழ் எழுவாயை விட்டுவிட்டு ‘ஆர்கள்’ விகுதியோடு நின்றுகொள்கிறது. ‘மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி போடப்படும்’ என்பதை ‘மருத்துவமனையில் ஊசி போடுவார்கள்’ என்று மாற்றினால் போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘படு’வில் பாதிக்கு மேல் தானாகக் கழன்றுவிட்டது.

ஆனால் ‘படு’வை எடுக்கும்போது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ‘காயம் தினமும் சுத்தம் செய்யப்பட வேண்டும்’ என்று இருக்கிறது. செய்ய வேண்டியது நோயாளியா, செவிலியரா? ‘சுத்தம் செய்யுங்கள்’ என்று எழுதினால், செவிலியர் வந்து செய்ய வேண்டியதை வீட்டில் ஒருவர் தானே கட்டைப் பிரித்துச் செய்யக்கூடும். இப்படிப்பட்ட இடத்தில் விடை தெரியாமல் வாக்கியத்தை அழகாக்க நான் முயல்வதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை ‘படு’ அப்படியே இருக்கும்.

இந்த முறையில் நான் பெரிதாகச் சறுக்கியது ‘ஒரு’வில். ஆங்கிலத்தின் வழியாக வந்து ஒட்டிக்கொள்ளும் ‘ஒரு’ தமிழில் பெரும்பாலும் வேண்டாதது. மூன்றாவது ஆண்டில் கணினியில் தேடித் தேடி அழிக்க ஆரம்பித்தேன். ‘சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற வரி ‘சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஆகிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. சரிபார்த்த மருத்துவர் பக்கவாட்டில் “எத்தனை?” என்று எழுதி அனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் வயிற்றைப் புரட்டியது. அங்கே ‘ஒரு’ என்பது அளவு. அன்றோடு தேடி அழிப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது கடைசிச் சுற்றில் ஆங்கிலத்தைத் திறக்கும்போது மூன்றை மட்டும் விரல் வைத்துச் சரிபார்க்கிறேன்: எண்கள், ‘கூடாது’ போன்ற மறுப்புகள், யார் செய்ய வேண்டும் என்பது.

பச்சைப் பென்சிலிலும் ஆபத்து உண்டு. துணைவினைகள் அலங்காரம் கிடையாது, அவற்றுக்குப் பொருள் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் இரண்டு நாள் மட்டும் ஒரு மருந்தை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் இருந்தது. ‘மாத்திரையை நிறுத்திவிடுங்கள்’ என்று எழுதினேன். ஓசை சரியாக இருந்தது. ஆனால் ‘நிறுத்திவிடு’ என்றால் இனி வேண்டாம் என்று ஆகிவிடும். வாய்விட்டுப் படித்தபோது அக்காதான் “அப்போ திரும்பப் போடவே கூடாதா தம்பி?” என்று கேட்டார். ‘இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள்’ என்று மாற்றினேன். ‘வை’ என்ற ஓரெழுத்துக்குள் ‘மறுபடி தொடங்க வேண்டும்’ என்பது இருக்கிறது. இருந்தாலும், எப்போது தொடங்குவது என்று தனி வாக்கியமும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மொழிபெயர்க்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இந்தத் திருத்தத்துக்கு இன்னொரு அரை மணி நேரம், நடுவில் ஓர் இரவு. அன்றைக்கே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அப்படிப்பட்ட வேலையில் நினைவிலிருந்து எழுதும் படியை விட்டுவிட்டு, வாய்விட்டுப் படிப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் அதைத்தான் காப்பாற்றுவேன்.

சிகிச்சைக்கான ஒப்புதல் படிவங்களை இப்படித் திருத்துவதில்லை. அங்கே ஒவ்வொரு சொல்லும் கையெழுத்துக்குக் கட்டுப்பட்டது; ‘செய்யப்படும்’ என்று இருந்தால் அது இருக்கட்டும். அதற்குப் பதிலாக, படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க அரைப் பக்க விளக்கத் தாள் ஒன்றைத் தனியாக எழுதித் தரட்டுமா என்று கேட்கிறேன். இதுவரை கேட்ட இடங்களில் பாதிப் பேர் சரி என்றிருக்கிறார்கள்.